உங்கட உடம்புச் சூட்டில குற்றமில்லை

ஓட்டமாவடி பிரதான வீதியில ஏதாவதொரு ஃபேன்ஸி கடைக்குள்ள போய், கறுத்துப்போன கவரிங் மாலையைக் காட்டி, "நானா, கலர் போகாது என்டுதானே தந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வரும் பதில் இதுதான்: "அது தங்கச்சி, உங்கட உடம்புச் சூடு. எல்லாருக்கும் இப்பிடி வாறல்ல." காது புண்ணாகியிருந்தால் பதில் இன்னும் சுருக்கம்: "உங்களுக்கு கவரிங் ஒத்துவராது."

பொருளில் உள்ள குறையை வாங்கியவளின் உடம்பில் ஏற்றிவிடுகிற இந்தக் கதையை நாங்கள் இனியும் கேட்டுக்கொண்டிருக்கத் தயாரில்லை. நிறம் போவதும் காது புண்ணாவதும் வேறு வேறு பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். அது விளங்க, ஒரு ஜிமிக்கியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் பித்தளை. அதற்கு மேல் சில மைக்ரோன் தடிப்பில் நிக்கல். ஆக மேலே தங்கம், மலிவான சாமான்களில் 0.1 மைக்ரோனோ அதற்கும் குறைவோ. ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் இந்தத் தங்கம் எவ்வளவு மெல்லியது என்று நீங்களே பாருங்கள். நடுவில் நிக்கலைப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பித்தளையில் உள்ள செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊறி மேலே வந்து நிறத்தைக் கெடுக்கும். நிக்கல் அதைத் தடுக்கும், பளபளப்பையும் தரும், விலையும் குறைவு. தங்கம் தேயத் தேய தோலில் படுவது அந்த நிக்கல்தான். வெள்ளை நகைக்குப் பூசும் ரோடியத்துக்கும் இதே கதைதான். மேலே ரோடியம் என்பதால் கீழே நிக்கல் இல்லை என்றாகாது.

"இது வன் கிராம் கோல்ட், அப்பிடித் தேயாது" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தங்கத்தை 0.1 மைக்ரோன் தடிப்பில் பூசினால் சுமார் 5,000 சதுர சென்டிமீட்டரை மூடலாம். ஒரு செட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், ஐம்பது செட்டுக்குப் போதும். உண்மையிலேயே ஒரு செட்டில் ஒரு கிராம் இருந்தால் அதன் விலை ஒரு கிராம் தங்கத்தின் விலையை விடக் குறைய முடியாது. ஆகவே அந்தப் பெயர் தடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மைக்ரோன்?

தோலில் பச்சையாகக் கறை பட்டால் பயப்பட வேண்டாம். அது செம்பு, சவர்க்காரம் போட்டால் போய்விடும். நிக்கல் ஒவ்வாமை அப்படியல்ல. போட்ட உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து, உலோகம் பட்ட அதே இடத்தில் கடித்து, சிவந்து, சிலருக்கு நீர் வடியும். ஒருதரம் உடம்பு நிக்கலைப் பகையாக அடையாளம் வைத்துவிட்டால் அது பொதுவாக ஆயுளுக்கும் போகாது. பிறகு கைக்கடிகாரத்தின் பின்பக்கமும் ஜீன்ஸ் பொத்தானும்கூடக் கடிக்கும். காது குத்தின புதிதில், துளை ஆறுமுன்னே மலிவுத் தோட்டைப் போடுவதுதான் ஆகக் கூடிய ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் செய்வதும் அதைத்தான்.

இப்போது எல்லாருக்கும் பிடித்த ஒக்சிடைஸ்ட் நகைக்கு வருவோம். அதில் நிறைய "ஜெர்மன் சில்வர்" என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவை அது. நிக்கல் பூச்சாக அல்ல, உள்ளும் புறமுமாக இருக்கிறது. "இது ஜெர்மன் சில்வர், நிக்கல் ஃப்ரீ" என்று ஒரே மூச்சில் ஒருவர் சொன்னால் அவருக்கு தன் சாமானைத் தெரியாது, அல்லது நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே இதற்குச் சட்டம் போட்டது. டென்மார்க் அதற்கும் முந்தியது. அவர்கள் பார்ப்பது நகைக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதை அல்ல, எவ்வளவு வெளியே கசிகிறது என்பதை. தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் நகையில் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் கசியக் கூடாது. துளைக்குள் போகும் தண்டுக்கு எல்லை 0.2. அதனால்தான் 10 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள 316L துருப்பிடிக்காத எஃகை அநேகம் பேரால் போட முடிகிறது. அதில் நிக்கல் இறுகக் கட்டுண்டு கிடக்கிறது.

எங்களுக்குச் சிரிப்பும் கோபமும் வந்தது அந்தச் சோதனை நடக்கும் விதத்தை அறிந்தபோதுதான். நகையைச் செயற்கை வியர்வையில் ஒரு வாரம் ஊறப்போடுகிறார்கள். முலாம் பூசியதென்றால் அதற்கு முன்பே இரண்டு வருடப் பாவனைக்குச் சமமாகத் தேய்த்தும் விடுகிறார்கள். அங்கே வியர்வைதான் பரீட்சை. எங்கட ஊரில் வியர்வைதான் சாட்டு. வாவிக்கும் கடலுக்கும் நடுவில், சித்திரை வெயிலில் கடை திறந்து வைத்திருப்பவருக்கு வாங்குகிறவள் வியர்ப்பாள் என்று தெரியாதா?

"ஆறு மாதம் கலர் கெரண்டி" என்பதையும் அப்படித்தான் உரித்துப் பார்க்க வேண்டும். தண்ணி படக் கூடாது, வேர்வை படக் கூடாது, சென்ட் படக் கூடாது என்றால் பெட்டிக்குள் வைத்திருப்பதற்குத்தான் அந்தக் கெரண்டி. தன் சாமானுக்குப் பொறுப்பு நிற்கிறவர் பில்லில் எழுதுவார்: எத்தனை மாதம், நிறம் போனால் மாற்றித் தருவதா, திரும்ப முலாம் போட்டுத் தருவதா, யார் செலவில். கீழே என்ன உலோகம் என்று கேட்டால், "தெரியாது, சப்ளையரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்கிறவரை, யோசிக்காமல் "நிக்கல் இல்ல" என்கிறவரை விட நாங்கள் நம்புவோம்.

இணையத்தில் வாங்கக்கூடிய ஒரு சோதனைத் திரவம் உண்டு, பெயர் டைமெத்தில்கிளையொக்சைம். பஞ்சுக் குச்சியில் இரண்டு துளி விட்டு அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஆனால் புது நகையில் மேலுள்ள தங்கம் அதை ஏமாற்றலாம். கொக்கியிலும் தோட்டுத் தண்டிலும் தேய்ந்த இடமாகப் பாருங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், ஜெர்மன் சில்வரில் காந்தம் ஒட்டாது. ஏற்கனவே கடிக்கிறவர்கள் காதுக்கு மட்டும் 22 கரட்டோ டைட்டேனியமோ போட்டுக்கொண்டு, கவரிங்கை சட்டைக்கு மேலே விழும் மாலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பில்லில் எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும். சொன்ன உத்தரவாதத்துக்குப் பொருந்தாத சாமானைப் பற்றி அந்தச் சபையிடம் முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. ஆனால் முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய செட் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் வெளிறினால் நாள் இன்னும் மிச்சமிருக்கிறது. பில்லைத் தூக்கி எறியாதீங்க.