30 யூனிட் கூடினால் ரூ.466 கூடுமா? உங்கள் கரன்ட் பில்லைப் படிப்பது எப்படி?

திருத்தணி வட்டம் திருவாலங்காட்டில் ஒரு வீடு. இரண்டு படுக்கையறை, ஒரு ஏ.சி., ஒரு ஃபிரிட்ஜ், ஒரு தண்ணீர் மோட்டார். தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் வருபவர்கள் வாழும் சாதாரண வீடு என்று வைத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கு 490 யூனிட் ஓடியது. பில் 1,742 ரூபாய். மே, ஜூன் மாதங்களில் 520 யூனிட். பில் 2,208 ரூபாய்.

கூடுதலாக ஓடியது 30 யூனிட்தான். கூடிய தொகையோ 466 ரூபாய். கணக்குப் போட்டால் யூனிட்டுக்கு 15 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஆனால் வீடுகளுக்கான கட்டணப் பட்டியலில் மிக உயர்ந்த விலையே 11 ரூபாய் 55 காசுதான். அப்படின்னா மீட்டர் தப்பா? கணக்கெடுத்தவர் தப்பா?

இரண்டுமே இல்லை. பில் சரியாகத்தான் இருக்கிறது. அது எப்படி என்று புரிந்துகொள்ள மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: யூனிட், ஸ்லாப், நிலைக்கட்டணம்.

யூனிட் என்றால் என்ன?

ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மீட்டர் திரையில் இதுதான் kWh என்று வரும். திரையில் தேதி, வோல்டேஜ் என்று பல எண்கள் மாறி மாறி ஓடும். அவற்றில் kWh என்று காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் போதும்.

75 வாட் சாதா ஃபேன் சுமார் 13 மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட் ஆகும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 100 மணி நேரத்துக்கு மேல் எரிந்தால்தான் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி.யோ, கம்ப்ரசர் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். ‘லைட்டை அணை’ என்று வீட்டில் திட்டு வாங்குவது நியாயம்தான், ஆனால் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் லைட் இல்லை.

பில்லில் முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங் என இரண்டு எண்கள் இருக்கும். இப்போதையதில் இருந்து முந்தையதைக் கழித்தால் வருவதுதான் அந்த இரண்டு மாதப் பயன்பாடு.

ஸ்லாப் கணக்கு எப்படி ஓடுகிறது?

ஸ்லாப்பைப் படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு விலை. 2024 ஜூலை 1 முதல் வீடுகள் கட்டிவரும் விலை இது. 2025 ஜூலையில் கட்டணம் திருத்தப்பட்டபோது, வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் இந்த விலை மாறவில்லை.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை:

- முதல் 100 யூனிட்: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ.2.35
- 201 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30

நம் வீட்டின் 490 யூனிட்டை இதில் போட்டுப் பார்க்கலாம். முதல் 100க்குப் பணம் இல்லை. அடுத்த 100க்கு 235 ரூபாய். அடுத்த 200க்கு 940 ரூபாய். மீதி 90 யூனிட்டுக்கு 567 ரூபாய். மொத்தம் 1,742. பில்லில் இருந்த அதே தொகை.

இங்கே ஒரு குழப்பம் நிறைய பேருக்கு உண்டு. அதிகமாக ஓடினால் முதல் 100 இலவச யூனிட் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. 2016 மே மாதம் அறிவிக்கப்பட்ட இந்தச் சலுகை, 1,000 யூனிட் ஓடினாலும் அப்படியே இருக்கும். போவது வேறு ஒன்று.

501வது யூனிட்டில் என்ன நடக்கிறது?

500 யூனிட்டைத் தாண்டியதும் பட்டியலே மாறுகிறது:

- முதல் 100: இலவசம்
- 101 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30
- 501 முதல் 600 வரை: ரூ.8.40
- 601 முதல் 800 வரை: ரூ.9.45
- 801 முதல் 1,000 வரை: ரூ.10.50
- அதற்கு மேல்: ரூ.11.55

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியலில் 101 முதல் 200 வரை பாதி விலை, ரூ.2.35. இரண்டாவதில் அந்தப் படியே இல்லை. அது மானிய விலை, 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். தாண்டியவர் அந்த 100 யூனிட்டுக்கும் முழு விலை கட்ட வேண்டும். அதாவது 235 ரூபாய் கூடுதல்.

சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! நம் வீட்டில் நடந்ததும் இதுதான். 520 யூனிட்டில், கடைசி 20 யூனிட்டால் மட்டும் கூடியது 403 ரூபாய்.

2022 செப்டம்பர் 10க்கு முன்பு இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. அப்போது 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501க்கு 1,786 ரூபாய் 60 காசு. இப்போது பள்ளம் சிறிதாகியிருக்கிறது, மூடப்படவில்லை.

நிலைக்கட்டணம் எங்கே போனது?

மின்சாரம் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், இணைப்பு இருப்பதற்காகக் கட்டுவது நிலைக்கட்டணம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு முன்பு இரண்டு மாதத்துக்கு 20 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை இருந்தது. மேலே சொன்ன 1,130 ரூபாயில் 30 ரூபாய் இதுதான். 2022 கட்டண மாற்றத்தில் வீடுகளுக்கு இது ரத்தானது.

திருத்தணியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் நகரிக்குப் போனால் கதை வேறு. அங்கே பில் மாதாமாதம் வரும். வீடுகளுக்கும் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 10 ரூபாய் நிலைக்கட்டணம் உண்டு. மூன்று கிலோவாட் இணைப்பு என்றால், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் மாதம் 30 ரூபாய் வரும்.

இதனால் தமிழ்நாட்டில் நிலைக்கட்டணம் ஒரு நல்ல துப்பு. உங்கள் வீட்டு பில்லில் அப்படி ஒரு தொகை இருந்தால், உடனே கட்டண வகையைப் பாருங்கள். வீடு என்றால் I-A என்று இருக்க வேண்டும். கடைக்கான வகையிலோ, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலோ உங்கள் வீடு இன்னும் இருக்கலாம். புதுவீடு கட்டிக் குடிவந்தவர்கள் தற்காலிக இணைப்பை மாற்ற மறந்துவிட்டால் இப்படி ஆகும். அந்த வகைகளில் 100 இலவச யூனிட்டும் கிடையாது. அடுக்குமாடிகளில் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்பு மட்டும் விதிவிலக்கு. அது தனி வகை, அதற்கு நிலைக்கட்டணம் உண்டு.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க

கீழே ஓனர், மேலே வாடகைக்கு நாம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. நமக்கு ஒரு சப்-மீட்டர், ‘யூனிட்டுக்கு எட்டு ரூபாய்’. இது பல ஊர்களில் வழக்கம். இரண்டு வீட்டின் யூனிட்டும் ஒரே பில்லில் சேர்வதால் 500 சீக்கிரம் தாண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மொத்தம் 700 யூனிட் ஓடினாலும் பில் 3,825 ரூபாய். சராசரியாக யூனிட்டுக்கு ஐந்தரை ரூபாய்கூட ஆகாது. 1,000 யூனிட் ஓடினால் 6,870 ரூபாய், சராசரி 7 ரூபாய்க்குள்தான். ஓனரிடம் பில்லைக் கேட்டு வாங்கி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். பேச்சை அந்த எண்ணில் இருந்து தொடங்கலாம்.

பில் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது எப்படி?

60 நாளில் 500 யூனிட் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 8.3 யூனிட். கணக்கெடுத்த நாளில் இருந்து 45வது நாள் மீட்டரைப் பாருங்கள். கடைசி ரீடிங்கில் இருந்து 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால், நீங்கள் 500ஐத் தாண்டும் வழியில் இருக்கிறீர்கள். மீதி 15 நாளில் ஏ.சி.யைத் தினமும் ஒன்றரை மணி நேரம் குறைத்தால் சுமார் 20 யூனிட் மிச்சமாகும். அந்த 20 யூனிட் எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினால் மிச்சம் 400 ரூபாய்.

கடைசியாகத் தேதிகள். நாளைக்கு 8.2 யூனிட் ஓடும் வீட்டில் 60வது நாள் கணக்கெடுத்தால் 492. மூன்று நாள் தாமதமாக வந்தால் 516. வீட்டில் யாரும் கூடுதலாக எதையும் ஓட்டவில்லை, ஆனாலும் எல்லை தாண்டிவிட்டது. எனவே பில்லில் முந்தைய, இப்போதைய கணக்கெடுப்புத் தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 60ஐத் தாண்டி, யூனிட்டும் 500ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தால், மீட்டரின் படத்துடன் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுங்கள். மின்னகம் எண் 94987 94987இலும் புகாரைப் பதிவு செய்யலாம். அங்கே தீராவிட்டால் அடுத்த படி மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம்.

நாள் கணக்கு சரியாக இருந்து யூனிட்டும் மீட்டரோடு ஒத்துப்போனால், அந்த 466 ரூபாய் சரிதான். அடுத்த முறை 45வது நாளை மொபைலில் அலாரமாக வைத்துவிடுங்கள்.