நெர்ப், பஃப், மெட்டா: அப்பாவுக்கு ஒரு விளக்க உரை

திருவதிகையில எங்க வீடு ரொம்பச் சின்னது. ஹால்ல ஒருத்தர் தும்மினா அடுப்படியில இருக்கறவங்க "நூறு ஆயுசு" சொல்லுவாங்க. அந்த ஹால்லதான் செமஸ்டர் லீவுல என் பழைய லேப்டாப்பைப் போட்டு, பன்னிரண்டாவது படிக்கற தம்பியும் பெரியப்பா பையனும் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுறாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு நெய்வேலியிலிருந்து வந்து தூங்க முயற்சி பண்ற அப்பாவுக்குக் காதுல விழறது இதுதான்:

"ஆப்ல இப்ப அஞ்சு புல்லட்டுதான்டா, நெர்ப் பண்ணிட்டானுங்க!"

"விடு, அது இப்ப மெட்டாவே இல்ல."

"அந்த துப்பாக்கிய பஃப் பண்ணா நாமதான்டா ராஜா."

மூணாம் நாள் அப்பா எழுந்து வந்தார். "டேய், இவனுங்க பேசறது தமிழா இங்கிலீஷா? பப்ளிக் பரீட்சைய வெச்சுக்கிட்டு இது என்ன பாஷை? நெட்ட கட் பண்ணிடறேன்." தம்பி என்னைப் பார்த்தான். இன்ஜினியரிங் படிக்கறவன் நான்தானே, மொழிபெயர்ப்பு வேலை என் தலையில விழுந்தது. நம்ம வீடுகள்ல பாதிக்கு மேல இந்த சீன் நடந்திருக்கும். அதனால நான் சொன்னதையும், கடைசியில அப்பா எனக்குத் திருப்பிச் சொன்னதையும் எழுதறேன். என் கட்சி இதுதான்: இந்த மூணு வார்த்தையில முதல் ரெண்டும் சுலபம். மூணாவதைத்தான் ஆடுறவங்களே தப்பாப் புரிஞ்சுக்கறாங்க.

முதல்ல நெர்ப். நெர்ப்ங்கறது ஒரு பொம்மைத் துப்பாக்கி பிராண்டோட பேரு. சுட்டா ஸ்பாஞ்ச் குண்டு வரும், பட்டா வலிக்காது. ஆன்லைன் கேம்கள் வந்த புதுசுல, ஆட்டத்தை நடத்தறவங்க ஒரு கத்தியோட பலத்தைக் குறைச்சாங்க. ஆடுறவங்க கடுப்பாகி, "இதுல அடிக்கறதும் நெர்ப் பொம்மையில அடிக்கறதும் ஒண்ணுதான்"னு கிண்டல் பண்ணாங்க. அந்தக் கிண்டலே வினைச்சொல் ஆயிடுச்சு. ஆட்டத்தை உருவாக்கினவங்க ஒரு ஆயுதத்தையோ ஆளையோ வேணும்னே பலவீனமாக்கினா அது நெர்ப். பலம் ஏத்தினா பஃப். தம்பி புலம்பின ஆப் ஒரு ஸ்னைப்பர் துப்பாக்கி. 2022 நவம்பர்ல அதோட மேகஸினைப் பத்துலேர்ந்து அஞ்சு குண்டாக் குறைச்சாங்க. சுத்தமான நெர்ப்.

அப்பாவுக்கு கிரிக்கெட்ல சொன்னேன். "ஐபிஎல்ல 2024-ல ஒரு ஓவருக்கு ரெண்டு பவுன்சர் போடலாம்னு விட்டாங்கல்ல? அது பவுலருக்கு பஃப்." அப்பா உடனே, "அதுக்கு முந்தின வருஷம் இம்பாக்ட் ப்ளேயர் கொண்டு வந்து பவுலர் வயித்துல அடிச்சானே, அது?" என்றார். "அது பேட்டிங்குக்கு பஃப். ஒரு பேட்ஸ்மேன் கூடுதலாக் கிடைச்சதால முதல் பால்லேர்ந்தே சுத்த ஆரம்பிச்சாங்க. அப்படி எல்லாரும் ஒரே மாதிரி ஆட ஆரம்பிக்கறாங்க பாருங்க, அதுக்குப் பேருதான் மெட்டா."

இங்கதான் நிறையப் பேர் வழுக்கறோம். மெட்டான்னா 'இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான துப்பாக்கி'ன்னு நினைக்கறோம். அது இல்ல. ஆட்டத்துக்கு மேல இருந்து ஆட்டத்தைப் பார்த்து, "எதிராளி இப்படித்தான் வருவான், கையில இவ்வளவு காசு இருக்கும், அதனால நான் இதை எடுக்கறேன்"னு போடற கணக்கு மெட்டா. நெர்பும் பஃபும் கம்பெனி கையில. மெட்டா ஆடுறவங்க கையில. ரெண்டும் ஒரே நாள்ல மாறணும்னு கட்டாயம் கிடையாது.

இதுக்கு இதே ஆட்டத்துல ஒரு நல்ல கதை இருக்கு. எஸ்ஜி 553னு ஒரு துப்பாக்கி, செல்லப் பேர் க்ரீக். டெரரிஸ்ட் சைடுல ஆடுறவங்களுக்கு மட்டும் கிடைக்கும். இந்த ஆட்டத்துல ஒவ்வொரு ரவுண்டுக்கும் காசு வரும், அதை வெச்சுத்தான் துப்பாக்கி வாங்கணும். அந்த சைடுல எல்லாருக்கும் பழகின துப்பாக்கி ஏகே-47. விலை 2700. க்ரீக் 3000. க்ரீக்ல ஸ்கோப் இருக்கும், கவசத்தையும் நல்லா ஊடுருவும். ஆனாலும் வருஷக்கணக்கா யாரும் சீண்டல. வாங்கினா கூட ஆடுறவனே திட்டுவான்.

2018-ல க்ரீக் விலையை 2750 ஆக்கினாங்க. துப்பாக்கியில ஒரு ஸ்க்ரூ கூட மாத்தல. வெறும் 250 தள்ளுபடி. இது என்ன பெரிய விஷயம்னு தோணும், கணக்குப் போட்டா தெரியும். உங்க கையில 3950 இருக்குன்னு வெச்சுக்கோங்க. கவசமும் ஹெல்மெட்டும் சேர்த்து 1000, ஒரு ஃப்ளாஷ் குண்டு 200. பழைய விலையில க்ரீக்கும் கவசமும் மட்டுமே 4000. அம்பது குறையுது, வாங்கவே முடியாது. ஏகே எடுத்தா கவசம், ஃப்ளாஷ் எல்லாம் சேர்த்து 3900, மிச்சம் 50. அதனால எல்லாரும் ஏகே. புது விலையில க்ரீக், கவசம், ஃப்ளாஷ் மூணும் சேர்த்து சரியா 3950. முன்னாடி ஏகேவை விட 300 அதிகமா இருந்தது, இப்ப 50தான் அதிகம். அந்த அம்பதுக்கு ஒரு ஸ்கோப் கிடைக்குது.

அடுத்த நாளே எல்லாரும் க்ரீக்குக்குத் தாவினாங்களா? இல்ல. அதுதான் இந்தக் கதையில முக்கியமான இடம். பஃப் வந்தாச்சு, மெட்டா அசையல. கை பழக்கம் ஏகே மேல. 'க்ரீக் எடுக்கறவன் நூப்'ங்கற பேச்சும் அப்படியே இருந்தது. மெதுவா சில ப்ரோ ஆட்டக்காரங்க எடுத்துப் பார்த்தாங்க, ஜெயிச்சாங்க, மத்தவங்க பார்த்துக் கத்துக்கிட்டாங்க. 2019-ல பெரிய போட்டிகள்லயே எங்க பார்த்தாலும் க்ரீக். அந்த வருஷமே விலையைத் திரும்ப 3000 ஆக்கினாங்க. நியாயப்படி அதோட கதை முடிஞ்சிருக்கணும். முடியல. ருசி கண்டவன் 250க்காக விடுவானா? பழைய விலை, பழைய துப்பாக்கி, ஆனா மெட்டா பழைய இடத்துக்குப் போகல. கடைசியில 2020 ஏப்ரல்ல துப்பாக்கியையே கை வெச்சாங்க. சுடற வேகத்தைக் குறைச்சாங்க, ஸ்கோப் போடாம சுட்டா குறி தவறற மாதிரி செஞ்சாங்க. அப்புறம்தான் ஏகே திரும்ப வந்தது.

அதே 3000 விலை, அதே துப்பாக்கி. 2017-ல குப்பை, 2019 கடைசியில தங்கம். நடுவுல மாறினது ஆடுறவங்க தலைக்குள்ள இருந்த கணக்கு மட்டும்தான்.

இதைச் சொல்லி முடிச்சப்ப அப்பா திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "எங்க ஸ்டேஷன்லயும் இதாண்டா நடக்குது" என்றார்.

அப்பா அனல் மின் நிலையத்துல கண்ட்ரோல் ரூம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தரேன்: "முன்ன எல்லாம் யூனிட்ட ஃபுல் லோடுல ஓட்டறதுதான் கெத்து. எவன் ட்ரிப் ஆகாம நிறுத்தாம ஓட்றானோ அவன்தான் கெட்டிக்காரன். இப்ப மத்தியானம் சோலார் கரண்ட் கொட்டுது. அத வாங்கிக்கணும்னு ரூல். மிச்சத்துக்கு யாரு யூனிட் செலவு கம்மியோ அவன் முதல்ல, அதிகமோ அவன் கடைசி, மெரிட் ஆர்டர்னு பேரு. அதனால பகல்ல எங்கள இறக்குன்னு சொல்வான். அம்பத்தஞ்சு பர்சன்ட் வரைக்கும் இறக்கணும். பொழுது சாஞ்சா ஏத்துன்னு சொல்வான். எங்க பாய்லர ஒருத்தனும் நெர்ப் பண்ணல. அதே மெஷின், அதே ஆளுங்கதான். ஆனா இன்னிக்கு கெட்டிக்காரன் யாருன்னா, ஃபுல் லோடுல ஓட்றவன் இல்ல, ட்யூப் வெடிக்காம ஏத்தி எறக்கத் தெரிஞ்சவன். நீ சொல்ற அந்த மூணாவது வார்த்தை."

நான் பவர் சிஸ்டம்ஸ் பேப்பர்ல மெரிட் ஆர்டர் படிச்சு பாஸ் பண்ணவன். ஆனா அது எங்க வீட்டு ஹால்லயே ஷிஃப்ட் மாத்தி ஷிஃப்ட் போய்க்கிட்டு இருந்ததுன்னு அன்னிக்குத்தான் உறைச்சது.

அப்புறம் அப்பா தம்பி பக்கம் திரும்பினார். "சரி, நீ தோத்தியே, உன் துப்பாக்கிய நெர்ப் பண்ணாங்களா, இல்ல மெட்டா மாறினது உனக்குத் தெரியலையா?" தம்பி முழிச்சான். ஆப்போட குண்டைக் குறைச்சது எதிர் டீமுக்கும்தான். அவங்க அஞ்சு குண்டை வெச்சுக்கிட்டே அவனை அடிச்சாங்க. பத்து குண்டு இருந்த காலத்துல ஒரு மூலையில நின்னு புகைக்குள்ள வரிசையாச் சுட்டுத் தள்ளலாம். இப்ப நாலாவது குண்டு போனதும் பின்வாங்கி லோடு பண்ற இடத்தை முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கணும். தம்பி இன்னும் அதே மூலையில நிக்கறான்.

இதுல ஆட்டக்காரங்களாகிய நம்மகிட்ட எனக்கு ஒரு குறை உண்டு. தோத்தா நெர்ப், ஜெயிச்சா ஸ்கில்னு சொல்றோம். உண்மையிலேயே நெர்ப் பாதிச்சுதான்னு பார்க்க ஒரு சுலப வழி இருக்கு. அதே ஆயுதத்தை எதிர் டீமும் எடுத்ததா? எடுத்து ஜெயிச்சுதா? ஆமான்னா உங்க பிரச்சினை நெர்ப் இல்ல. அப்டேட் நோட்ஸ்ல என்ன எண் மாறியிருக்குன்னு பாருங்க, அந்த எண் உங்க எந்தப் பழக்கத்தை உடைக்குதுன்னு கண்டுபிடிங்க. எண் மாறவே இல்லாம நீங்க தோத்தா, மத்தவங்க மாறிட்டாங்க, நீங்க மாறலன்னு அர்த்தம்.

பெற்றோர்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். அடுத்த தடவை ஹால்லேர்ந்து "நெர்ப் பண்ணிட்டானுங்க"ன்னு சத்தம் வந்தா, "என்னத்த குறைச்சான், எவ்வளவு குறைச்சான்?"னு கேட்டுப் பாருங்க. பையன் எண்ணோட பதில் சொன்னா அவன் கணக்குப் போட்டுத்தான் ஆடுறான். சொல்லத் தெரியலைன்னா வெறும் கத்தல்தான், நெட்டை கட் பண்ணிக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

எங்க வீட்டுல நெட் கட் ஆகல. ஆனா பரீட்சை முடியற வரைக்கும் ராத்திரி எட்டரை மணிக்கு மேல ஆட்டம் கிடையாதுன்னு அப்பா புது ரூல் போட்டார். தம்பி, "அப்பா, இது பயங்கர நெர்ப்" என்றான்.

"ரூல் உங்க அண்ணனுக்கும்தான். மெட்டாவ மாத்திக்கோ" என்று சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார்.