‘வேட்புமனு வரவில்லை’ என்ற பொய்

மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 1997 ஜூன் 30 என்று அதற்கு ஒரு தேதி இருக்கிறது. வழக்கு, தீர்ப்பு, நினைவிடம் எல்லாம் இருக்கின்றன. ஆண்டுதோறும் அங்கே போய் நிற்க முடிகிறது.

அதே மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் நடந்ததற்குத் தேதி கிடையாது. ஏனென்றால் அங்கே ‘எதுவும் நடக்கவில்லை’. 1996இல் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை எந்தத் தலித்தும் அந்த நாற்காலியில் நிலைத்து உட்காரவில்லை. ஐந்தாண்டுப் பதவிக்காலம் இரண்டு முழுமையாகக் கழிந்தது.

இதை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்: ‘வேட்புமனு எதுவும் வரவில்லை.’ இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். ஆனால் மனுவுக்கா கால் இருக்கிறது, தானாக நடந்து வர? வரவிடாமல் தடுத்தவர் அந்த வாக்கியத்தில் எங்கே? ஆதிக்க சாதி அவரை ஊரில் ஒளித்து வைத்தது. நம் செய்தியாளர்கள் இலக்கணத்தில் ஒளித்து வைத்தார்கள்.

நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது என்பார்கள். அதைச் சுற்றி நடந்தவை எல்லாமே சாட்சிதான். இந்த ஊர்களில் சில முறை மனு வந்தது. வாக்குப்பதிவும் நடந்தது. ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆள் ஜெயித்தார். உடனே ராஜினாமா செய்தார். மனு, வாக்கு, எண்ணிக்கை, வெற்றி என்று எல்லாம் ஒழுங்காக நடந்து, நாற்காலியில் உட்காருவது மட்டும் நடக்கவில்லை என்றால், அது வெற்றிடம் அல்ல. அளவெடுத்துத் தைத்த சட்டை. ‘மக்களுக்கு ஆர்வமில்லை’ என்ற வாதம் அந்த ராஜினாமாக் கடிதத்தோடு செத்துப்போகிறது. ஆர்வமில்லாதவர்கள் ஒருவரை ஜெயிக்க வைத்து விலக வைக்க மாட்டார்கள்.

ஆகவே நாம் எழுத வேண்டிய முறை வேறு. காலி நாற்காலியைப் பார்த்துப் புலம்புவதை விட்டுவிட்டு, ஊராட்சிக் காசோலையில் தலைவர் போட வேண்டிய கையெழுத்தை அந்தப் பத்தாண்டும் யார் போட்டார் என்று கேட்போம். கிராம சபைக்கு யார் தலைமை தாங்கினார் என்று கேட்போம். குடியரசு நாளும் விடுதலை நாளுமாக 20 முறை வந்து போயின. கொடிக்கயிறு யார் கையில் இருந்தது? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர் பதிலாக வரும். அந்தப் பெயர்களை வரிசையாக எழுதினால், நடுவில் இல்லாதவரின் உருவம் தானே தெரியும். சுற்றி நின்றவர்களின் முகமும் தெரியும்.

2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அரசு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தது. நடந்த ஒரு நாளுக்கு விழா எடுத்தவர்கள், நடக்கவிடாத பத்தாண்டுக்கு யார் மீது வழக்குப் போட வேண்டும் என்று அந்த மேடையில் பேசியிருக்க வேண்டும். கொலைக்கு மட்டும்தான் குற்றவாளி உண்டு என்று நினைக்கும்வரை, கத்தியே எடுக்காமல் சாதி ஜெயித்துக்கொண்டிருக்கும்.