ஆம்பூல் தீர்மானிக்கும் அளவு
ஜென்டாமைசின் ஊசி குறித்து அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



மருத்துவமனை வார்டுகளில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: ஜென்டாமைசின் 80 மி.கி., காலை ஒன்று, மாலை ஒன்று. 40 கிலோ மூதாட்டிக்கும் அதே 80, 80 கிலோ இளைஞருக்கும் அதே 80. இந்த எண் எந்த நோயாளியின் உடலைப் பார்த்தும் வந்ததல்ல. கடையில் கிடைக்கும் 2 மி.லி. ஆம்பூலில் 80 மி.கி. மருந்து இருக்கிறது, ஓர் ஆம்பூல் உடைத்தால் ஒரு வேளை கணக்கு முடிந்தது. அந்தப் பழக்கத்தை மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடல்.

மருந்தின் மீது குறையில்லை. 1963-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டாமைசின், சிறுநீரகத் தொற்று, ரத்தத்தில் பரவிய தொற்று, பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸ் ஆகியவற்றில் இன்றும் உயிர் காக்கிறது. விலையும் குறைவு. ஆனால் இது சிறுநீரகத்தையும் உள்காதையும் தாக்கக்கூடிய மருந்து. பயன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி குறுகலானது. அதனால்தான் எடை பார்த்து, சிறுநீரகத் திறன் கணக்கிட்டு, ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நோயாளியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 62, எடை 45 கிலோ, குளிர்காய்ச்சலும் விலாவலியுமாகச் சிறுநீரகத் தொற்றோடு சேர்க்கப்பட்ட ஒரு பெண். லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.1. அதைப் பார்க்கும் யாரும் 'கிட்னி நார்மல்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெலிந்த, வயதான உடலில் தசை குறைவு. தசையிலிருந்து வரும் கிரியாட்டினினும் குறைவு. எனவே சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் எண் அழகாகத்தான் தெரியும். 1976-இல் காக்ராஃப்டும் கால்ட்டும் தந்த சூத்திரத்தில் வயதையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். விடை, நிமிடத்துக்குச் சுமார் 38 மி.லி. ஆரோக்கியமான இளவயதில் இது 100-ஐ ஒட்டி இருக்கும்.

ஜென்டாமைசின் உடலைவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரே வழி சிறுநீரகம். இந்தப் பெண்ணின் உடலில் மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஐந்தரை மணி நேரம் ஆகும். காலை மாலை 80 மி.கி. கொடுத்தால், ஊசி போட்டவுடன் லிட்டருக்கு 9 மி.கி. அளவில் ஏறி, அடுத்த ஊசிக்கு முன் 2 மி.கி. அளவுக்குத்தான் இறங்கும். அதற்குள் அடுத்த ஆம்பூல் உடைக்கப்பட்டுவிடும். இரவு பகல் எந்த நேரத்திலும் சிறுநீரகத்துக்கு ஓய்வே கிடைக்காது.

அந்த ஓய்வுதான் இங்கே முக்கியம். சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் மெகாலின் என்ற புரதத்தின் வழியாக ஜென்டாமைசினை உள்ளே இழுத்துச் சேர்த்துவைக்கின்றன. இழுக்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ரேஷன் கடையில் வரிசை எவ்வளவு நீண்டாலும் ஒரு மணி நேரத்தில் பொருள் வாங்கிப் போகிறவர்களின் எண்ணிக்கை மாறுவதில்லை அல்லவா, அதுபோலத்தான். ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு ஏறுவதால் செல்லுக்குள் போகும் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. மருந்து எத்தனை மணி நேரம் அங்கே நிற்கிறது என்பதே சேதத்தைத் தீர்மானிக்கிறது. கிருமியின் கணக்கோ நேர்மாறு. உச்சம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு வேகமாக அது சாகிறது. மருந்து இறங்கிய பிறகும் சில மணி நேரம் தலைதூக்குவதில்லை.

எனவே ஒரே வேளையில் நிறையக் கொடுத்து, பிறகு நீண்ட இடைவெளி விடுவதே இரண்டுக்கும் பொருந்தும் வழி. அதே பெண்ணுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 225 மி.கி. மருந்தை அரை மணி நேர ட்ரிப்பாக ஒரே முறை கொடுத்தால், உச்சம் 20 மி.கி. அளவுக்கு எழும். ஐந்தரை மணி நேரத்துக்கொரு முறை பாதியாகி, ஒரு நாள் கழிந்ததும் 1 மி.கி. அருகே வந்துவிடும். அடுத்த ஊசியை 36 அல்லது 48 மணி நேரம் தள்ளிப்போட்டால் சிறுநீரகத்துக்கு அரை நாளோ அதற்கு மேலோ ஓய்வு. கொல்லும் வலிமையும் கூடுகிறது, மொத்த மருந்தும் குறைகிறது. மறுபுறம், அந்த 80 கிலோ இளைஞருக்கு 80 மி.கி. கொடுத்தால் உச்சம் 4 மி.கி. அளவைத்தான் எட்டும். கடும் தொற்றுக்கு அது போதாது. ஆக, ஒரே ஆம்பூல் ஒருவருக்கு நஞ்சாகிறது, இன்னொருவருக்குத் தண்ணீராகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை இம்முறையில் 2,184 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தை 1995-இல் வெளியிட்டது. கிலோவுக்கு 7 மி.கி. முதல் வேளை, ஊசி தொடங்கிய 6 முதல் 14 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு ரத்த மாதிரி, அதன் அளவை ஒரு வரைபடத்தில் குறித்தால் அடுத்த ஊசி 24 மணி நேரத்திலா, 36-இலா, 48-இலா என்று தெரியும். சிறுநீரகப் பாதிப்பு அங்கே 1.2 சதவீதம் பேருக்கு மட்டுமே ஏற்பட்டது.

ரத்த அளவுச் சோதனை எல்லா மருத்துவமனையிலும் இல்லை. இருக்கும் இடங்களிலும் அது பல நேரம் வீணாகப் போவதற்குக் காரணம், நேரம் எழுதப்படாததுதான். ரிப்போர்ட்டில் '6' என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த ரத்தம் என்றால் அந்த அளவு போதாது. 23 மணி நேரம் கழித்து எடுத்தது என்றால் உடனே மருந்தை நிறுத்த வேண்டும். எழுதப்படாத ஒரு நேரத்தால், ஒரே எண்ணுக்கு எதிரெதிரான இரண்டு முடிவுகள். மருந்து ஏறிய அதே வென்ஃப்ளானிலிருந்து ரத்தம் எடுத்தாலும் பொய்யான உயர்ந்த அளவுதான் கிடைக்கும். மறு கையில் புதிதாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

சிறுநீரகம் கெடுவதை வார்டில் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. இந்த மருந்தால் வரும் பாதிப்பில் பெரும்பாலும் சிறுநீர் குறைவதில்லை. பை நிறைகிறது, சார்ட்டில் அளவு சரியாக இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. வழக்கமாக ஐந்தாம் ஆறாம் நாள் வாக்கில் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். முதல் நாள் 0.8 இருந்தவருக்கு ஆறாம் நாள் 1.2 என்றால் அது ஒன்றரை மடங்கு. சர்வதேச வரையறைப்படி அதுவே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. ஆனால் பல லேப்களில் 1.2 நார்மல் எல்லைக்குள் வருவதால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தோ நட்சத்திரக் குறியோ இருக்காது. முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். உடம்பில் நீர் வற்றிய நிலை, வலி மாத்திரைகள், கூடவே வான்கோமைசின் போன்றவை சேர்ந்தால் ஆபத்து இன்னும் முன்னதாக வரும். நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் தேறிவிடும்.

காது அப்படியல்ல. உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஜென்டாமைசின் கேட்கும் பகுதியைவிட, உடலின் சமநிலையைக் காக்கும் பகுதியையே அதிகம் தாக்குகிறது. மெனியர் நோயில் கடும் தலைச்சுற்றலை அடக்க, சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வதற்கு இ.என்.டி. மருத்துவர்கள் செவிப்பறை வழியாகச் செலுத்துவதும் இதே மருந்தைத்தான்.

இரு காதுகளிலும் அந்த உணர்வு போனால் என்னவாகும்? ஜென்டாமைசினின் உறவு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினால் பாதிக்கப்பட்ட ஓர் அமெரிக்க மருத்துவர், தம் பெயரை மறைத்து முதலெழுத்துகளை மட்டும் இட்டு 1952-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அதை எழுதினார். படுக்கையில் புத்தகம் படிக்கும்போது, நாடித்துடிப்பால் தலை அசையும் அந்தச் சிறு அசைவிலேயே எழுத்துகள் துள்ளின. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையே தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது.

படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு இது தெரியாமலே போகலாம். எழுந்து நடக்கும்போதுதான் தள்ளாடும். நடக்க நடக்க எதிரே உள்ளவர் முகம் ஆடும். இருட்டில் நிற்க முடியாது. 'காய்ச்சலில் கிடந்த அசதி, சத்தாகச் சாப்பிடுங்கள்' என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். ரத்த அளவு சரியாக இருந்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது என்பதால் சோதனையை மட்டும் நம்ப முடியாது. தலையை இடவலமாக அசைத்தபடி சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொன்னால், சமநிலை இழந்தவர் தடுமாறுவார். அதற்குக் கருவி வேண்டாம், அரை நிமிடம் போதும்.

சிலருக்கு அளவே பொருட்டல்ல. தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருந்தால், சரியான அளவே கேட்கும் திறனைப் பறித்துவிடலாம். 1993-இல் இது கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பச்சிளங்குழந்தைகளுக்கு 26 நிமிடத்தில் இதைக் காட்டும் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அது இங்கே வரும்வரை, 'அம்மா வழியில் யாருக்காவது ஊசி போட்டபின் காது கேட்காமல் போனதா?' என்ற கேள்வியையாவது முதல் ஊசிக்கு முன் கேட்கலாம்.

அமைச்சர் அவர்களிடம் கேட்பவை நான்கு. முதலாவது, ஜென்டாமைசினுக்கென அச்சிட்ட தனி ஆர்டர் தாள். வயது, எடை, கிரியாட்டினின், கணக்கிட்ட சிறுநீரகத் திறன் ஆகிய கட்டங்கள் நிரம்பாமல் முதல் வேளைக்குப் பின் மருந்து தொடரக்கூடாது. இரண்டாவது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அனைத்திலும் அன்றன்றே முடிவு கிடைக்கும் ரத்த அளவுச் சோதனை. ஊசி தொடங்கிய நேரமும் ரத்தம் எடுத்த நேரமும் எழுதப்படாத மாதிரியை லேப் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே ஏற்க வேண்டும்.

மூன்றாவது, மூன்றாம் நாள் கட்டாய மறுபரிசீலனை. அதற்குள் கல்ச்சர் முடிவு வந்திருக்கும். வேறு மருந்து போதுமென்றால் ஜென்டாமைசின் நிற்க வேண்டும். தொடர்ந்தால், ஒருநாள் விட்டு ஒருநாளாவது கிரியாட்டினின் பார்த்து முதல் நாள் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அளவுச் சோதனை இல்லாத தாலுகா மருத்துவமனைகளில் மூன்று நாளைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு.

நான்காவது, தினமும் ஸ்டாஃப் நர்ஸ் கேட்டுக் குறிக்க வேண்டிய மூன்று கேள்விகள்: காதில் இரைச்சல் உண்டா, கேட்பது மந்தமா, எழுந்தால் தள்ளாடுகிறதா. ஆம் என்றால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு மருந்து என்பது டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இடம்பெற வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தள்ளாடியபடி வரும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்குக் காரணம் அதிலிருந்துதான் தெரியவரும். நான்கில் இரண்டாவதற்கு மட்டுமே நிதி ஒதுக்க வேண்டும். மற்ற மூன்றும் தங்கள் துறையின் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவச் செய்திகளை எழுதிவரும் ஒரு பத்திரிகையாளர்