மறைத்தலும் அழித்தலும்: யூடியூப் அலைவரிசையை மூடும் ஆய்வாளர்களுக்கு

ஆய்வேட்டை ஒப்படைத்தவுடன் தம் யூடியூப் அலைவரிசையை மூடிவிடும் வழக்கம் நம்மிடையே பரவிவருகிறது. மூடுவதில் இருவகை உண்டு. யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் `Remove YouTube Content` என்பதைத் தேர்ந்தால் `I want to hide my channel`, `I want to permanently delete my content` என இரு வாய்ப்புகள் தோன்றும். உரிமையாளருக்கு இவை முற்றிலும் வேறானவை. பார்வையாளருக்கோ பெரும்பாலும் ஒன்றே. சிக்கல் அங்குதான் தொடங்குகிறது.

பஸ்தர் பகுதியின் துருவா மொழிக் கதைகளை ஒருவர் பதிவுசெய்து வெளியிட்டிருக்கிறார், அவற்றைச் சில கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் அலைவரிசையை மறைத்தால் பெயரும் காணொளிகளும் சந்தாதாரர் பட்டியலும் பொதுப் பார்வையிலிருந்து நீங்கும். ஆயினும் கோப்புகள் கணக்கிலேயே இருக்கும். மீண்டும் திறந்தால் பழைய முகவரிகளும் உயிர்பெறும். அழித்தால் கதை வேறு. அதே கோப்பை மறுநாளே ஏற்றினாலும் அதற்குப் புதிய பதினோரெழுத்து அடையாளமே கிடைக்கும். கட்டுரைகளில் அச்சான பழைய முகவரி ஒருபோதும் அங்கே சென்று சேராது.

இணைப்பைச் சொடுக்கும் வாசகர் இரண்டிலும் காண்பது காணொளி கிடைக்கவில்லை என்னும் கரும்பலகையைத்தான். நிரல்வழித் தேடுவோருக்கும் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. யூடியூப் தரவு இடைமுகத்தில் தனிப்பட்டதாக்கிய காணொளியின் அடையாளத்தைக் கொடுத்தாலும், அழிக்கப்பட்டதைக் கொடுத்தாலும், விடை வெற்றுப் பட்டியலே:

```
"items": []
```

இணைப்புச் சோதனைக் கருவிகள் இன்னும் மோசம். காணொளி இல்லாதபோதும் பக்கம் 200 என்னும் வெற்றிக் குறியீட்டையே திருப்பி அனுப்புவதால், அவை இணைப்பு நலமாக உள்ளதென்று சான்றளித்துவிடும். காணொளியை யாரேனும் தம் பட்டியலில் முன்பே சேர்த்திருந்தால் ஒரு தடயம் கிடைக்கலாம். தனித்தனியே மறைத்தது அங்கே `Private video` என்றும், நீக்கியது `Deleted video` என்றும் நிற்கும். ஆனால் தலைப்பு போய்விட்டிருக்கும்.

ஆகவே, மேற்கோள் காட்டப்பட்ட தரவுள்ள அலைவரிசையை, வேறு காரணமின்றி வெறும் கூச்சத்தாலோ சலிப்பாலோ அழிப்பதை நான் ஏற்கவில்லை. மறைத்தால் போதும். மறைக்கும்போதும் உறுதிப்படுத்தும் பக்கத்தை நின்று படிக்க வேண்டும். மறையுமென நாம் கருதும் சில, குறிப்பாக நாம் பிறருக்கு எழுதிய பின்னூட்டங்கள், நிரந்தரமாக நீங்கக்கூடும்.

ஒரேயொரு விலக்கு உண்டு. கதை சொன்னவர் தம் இசைவைத் திரும்பப் பெற்றால் மறைத்தல் போதாது. அவர் குரல் நம் கணக்கில் தொடர்ந்து கிடக்கும். மீண்டும் வெளிவரக்கூடும். வெளியிலிருந்து பார்க்கும் அவராலோ அவர் குடும்பத்தாராலோ நாம் செய்தது எதுவென்று கண்டறியவும் இயலாது. எனவே அந்தப் பதிவை மட்டும் அழித்துவிட்டு, அழித்த நாளைக் குறித்து அவருக்கு எழுத்தில் தர வேண்டும். எஞ்சிய கதைகளுக்காக அலைவரிசை இருக்கட்டும்.