தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா?

நான் மார்க்கப்படி வட்டிக்குக் கடன் எடுக்காதவன். ஆனால் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இணுவிலில் எங்கட ஸ்டாஃப் ரூமில் கடன் கடிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். 2022 இல் வந்த ஒன்றை இன்னும் மறக்கவில்லை. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்திருக்கிற எல்லாரும் அந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சக டீச்சர் ஒருவர் 2021 கடைசியில் வீடு கட்ட 20 இலட்சம் எடுத்தவர். 15 வருஷம். வட்டி, வங்கிகளின் முதன்மைக் கடன் வீதத்துடன் 2 சதவீதம். அந்த வீதம் அப்போது எட்டரை அளவில் இருந்தது. அதனால் பத்தரை வீதத்தில் மாதத் தவணை 22,108 ரூபாய் வந்தது. சம்பளத்துக்குள் அடங்கிற காசு.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. வருஷ முடிவில் முதன்மைக் கடன் வீதம் 27 ஐத் தாண்டியது. "தவணையைக் கூட்டிறதா, காலத்தை நீட்டிறதா எண்டு கேக்கினம் சேர். நீட்டினா சுமை குறையும்தானே?" என்று கடிதத்தோடு வந்தா.

நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். வட்டி கொஞ்சம் ஏறினால் அது ஓரளவு உண்மை. பத்தரை 12 ஆனால், அதே 15 வருஷத்தில் முடிக்கத் தவணை 24,003. மாதம் ஏறக்குறைய 1,900 கூட. தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டினால் 180 மாதம் 236 மாதமாகும். மாதம் 1,900 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மொத்தத்தில் 9 இலட்சம் கூடக் கட்டுவீர்கள். இந்த அளவு ஏற்றத்துக்கு என் பதில் ஒன்றுதான்: பல்லைக் கடித்துக்கொண்டு தவணையைக் கூட்டுங்கள்.

வட்டி 13 ஆனால் பழைய தவணையில் கடன் முடிய 30 வருஷத்துக்கு மேல். பதின்மூன்றேகாலைத் தாண்டினால் முடியவே முடியாது, ஏனென்றால் 22,108 ரூபாய் வட்டிக்கே போதாது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நீட்டினாலும் முதல் ஒரு சதம் குறையாது.

2022 முடிவுக்கு வருவோம். 29 ஐ விட்டு, குறைத்து 28 என்றே போட்டுப் பார்த்தேன். 20 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 46,667. அதே 15 வருஷத்தில் முடிக்கிற தவணை 47,413. சரி, 25 வருஷத்துக்கு நீட்டினால்? 46,713. பத்து வருஷம் கூடச் சுமக்கக் கிடைக்கிற சலுகை மாதம் 700 ரூபாய்! டீச்சருக்கு ஓய்வுக்கு இருந்ததே 17 வருஷம், வங்கி அவ்வளவு நீட்டவும் விடாது. கணக்கைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

அப்போ இரண்டும் இல்லையென்றால் என்ன செய்கிறது? ஏற்றம் தற்காலிகமானது என்று எடுத்துக்கொண்டு, முகாமையாளரிடம் தற்காலிகமான ஒன்றைக் கேட்பதுதான் சரி என்று சொன்னேன். நகைகளையும் மற்றச் செலவுகளையும் பார்த்து மாதம் 30,000 கட்டலாம் என்று அவ முடிவெடுத்தா. ஒரு வருஷத்துக்கு 30,000. மிச்ச 16,667 ஐ முதலோடு சேர்க்காமல், அதற்கு மேல் வட்டி போடாமல், வேறாக எழுதி வைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தா. அந்த ஒரு வரிக்காக மூன்று தரம் வங்கிக்குப் போனா. ஒரு வருஷத்தில் அப்படிச் சேர்ந்தது 2 இலட்சம். வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால் அது முதலில் விழுந்து, வட்டிக்கு வட்டி ஏறியிருக்கும். சலுகை கேட்கிறவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான், எழுத்தில் வாங்குங்கள்.

2023 ஜூனில் மத்திய வங்கி குறைக்கத் தொடங்கியது. 2024 முடிவில் முதன்மை வீதம் 9 ஐ ஒட்டி வந்தது. வட்டி இறங்க, தவணையையும் இறக்கலாம் என்று சொன்னார்கள். அவ இறக்கவில்லை, அதே 30,000. 11 வீதத்தில் 20 இலட்சத்துக்கு மாத வட்டி 18,333 தான். மீதி பதினோராயிரத்துச் சொச்சம் நிலுவைக்கும் முதலுக்கும் போகிறது. அந்த 2 இலட்சத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், வட்டி இப்படியே நின்றால் பத்து வருஷமளவில் கடன் முடியும். பழைய தவணைக்குத் திரும்பியிருந்தால் இரண்டு மடங்கு காலம் போயிருக்கும்.

இன்றைக்கு உங்கட கடன் கூற்றை எடுத்து முதல் மீதியைப் போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒழுங்காகக் கட்டியும் மீதி கூடியிருந்தால் உங்கள் தவணை வட்டிக்கே போதவில்லை. அந்த நிலையில் "காலத்தை நீட்டித் தாறம்" என்று யாரும் சொன்னால், கையெழுத்துக்கு முதல் இரண்டு தவணைக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை ரூபாய் என்று கேளுங்கள்.