கதவு எண்ணை மாற்றாதீர்கள், சார்!

போன வாரம் தென்னூர் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக் கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு டீச்சர் பக்கத்தில் வந்து, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கைபேசியை நீட்டினார். அவருடைய பள்ளி அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கை. "பாடங்களின் பெயரும் குறியீடும் மாறியுள்ளன. ஆசிரியர்கள் அவரவர் மதிப்பெண் படிவத்தில் இன்றே திருத்திக் கொள்ளவும்."

நான் ஓய்வு பெறும் முன், 2021-ல் எங்கள் பள்ளியிலும் இதே மாதிரி ஒன்று வந்தது. நான் அங்கே கணக்கு வாத்தியார். அதனால் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

முதலில் விஷயம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் கணக்குக்கு 041 என்று ஒரே எண்தான் இருந்தது. 2020 பொதுத் தேர்விலிருந்து அதை இரண்டாக்கினார்கள். ஸ்டாண்டர்டு 041, பேசிக் 241. பாடத்திட்டம் ஒன்றுதான், பேசிக் வினாத்தாள் எளிது. அதே 2020-ல் பதினொன்றாம் வகுப்பில் அப்ளைடு மேத்தமேடிக்ஸ் வந்தது. அதற்கு என்ன எண் தெரியுமா? அதற்கும் 241! ஒரே எண், பத்தில் ஒரு பாடம், பன்னிரண்டில் வேறு பாடம்.

எங்கள் எக்செல் படிவத்தில் எண்ணைத் தட்டினால் பாடப் பெயர் தானாக வரும். இந்தச் சூத்திரம்தான்:

```
=VLOOKUP(B2, Codes!A:B, 2, FALSE)
```

மேலிருந்து கீழே தேடி, முதலில் அகப்படும் பெயரை இது எடுத்துக் கொள்ளும். வகுப்பு எது என்று கேட்காது. எங்கள் பட்டியலில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் மேலே இருந்தன. பத்தாம் வகுப்பில் பேசிக் எடுத்த பிள்ளைகளின் பட்டியலில் எல்லாம் அப்ளைடு மேத்தமேடிக்ஸ் என்று அச்சானது. பிழை என்று ஒரு சிவப்புக் கோடு கூட வராது.

அடுத்தது பூஜ்யம். 041 என்று அடித்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 41 ஆக்கிவிடும். பட்டியலில் இருப்பதோ எழுத்தாக உள்ள 041. இரண்டும் பொருந்தாமல் #N/A என்று வரும். கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டியிருந்தால் பூஜ்யம் போய்விட்டது என்று அர்த்தம். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்தாக இருக்கிறது, பயமில்லை.

ஓர் இளம் ஆசிரியருக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. #N/A வராமல் இருக்க, பெயர் வரும் எண்ணாகப் பார்த்து 241 என்று போட்டுவிட்டார். ஸ்டாண்டர்டு எடுத்த ஒரு பெண் பேசிக்கில் விழுந்தாள். தேர்வர் பட்டியல் வாரியத்துக்குப் போகும் முன், நானும் ஒரு சக ஆசிரியரும் காகிதத்தில் கோடு போட்டுச் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பட்டிருக்காவிட்டால், அவளுக்கு வேறு வினாத்தாள்தான் கிடைத்திருக்கும். பதினொன்றில் 041 கணக்கு படிக்க ஸ்டாண்டர்டு வேண்டும் என்பதே முதலில் வைத்த விதி. பொறியியல் கனவோடு இருந்த பிள்ளை அது.

இதில் அந்த ஆசிரியரைத் திட்டி என்ன பயன்? நாற்பது பேர் நாற்பது படிவத்தை ஒரே நாளில் திருத்தினால் எங்காவது தவறத்தான் செய்யும். அலுவலகம் ஒரே ஒரு பட்டியலைத் தன்னிடம் வைத்துக் கொண்டு, எல்லாப் படிவமும் அதைப் பார்க்கும்படி செய்ய வேண்டும். எண்ணோடு வகுப்பையும் சேர்த்து `X-241`, `XII-241` என்று எழுதிவிட்டால் இரண்டும் குழம்பாது. பூஜ்யமும் ஓடிப் போகாது. அதைச் செய்ய ஒரு குமாஸ்தாவுக்கு அரை நாள் போதும். செய்யாமல், ஒரு சுற்றறிக்கையை அனுப்பிவிட்டு ஆசிரியர் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்!

வாரியத்துக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் கம்ப்யூட்டர் சயன்ஸ் பாடத்திட்டம் மாறியபோது, 083 என்ற எண்ணைப் புதிய பாடத்துக்குக் கொடுத்தார்கள். பழைய பாடத்தை 283-க்கு அனுப்பினார்கள். நம் தெருக்களில் "பழைய எண், புதிய எண்" என்று இரண்டு பலகை மாட்டித் தபால்காரரை அலைய விட்ட கதைதான். குடியிருந்தவரை வேறு எண்ணுக்குத் துரத்திவிட்டு, புதிதாக வந்தவரைப் பழைய எண்ணில் வைத்தால் கடிதம் யாருக்குப் போகும்? புதிய பாடத்துக்குத்தான் புதிய எண் தர வேண்டும். ஒரு முறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குத் தரக் கூடாது.

நம் ஊர் ஜங்ஷனைப் பாருங்கள். ட்ரிச்சினாப்பள்ளி என்ற பெயர் போய்த் திருச்சிராப்பள்ளி ஆகி எத்தனையோ காலமாயிற்று. ரயில்வேயில் இன்றும் டி.பி.ஜே.தான். பெயர் மாறினாலும் குறியீடு அசையக் கூடாது. குறியீடு என்று ஒன்று வைத்ததே அதற்குத்தானே?

டீச்சரிடம், "இன்றே திருத்தாதீங்கம்மா. முதலில் முழுப் பட்டியலையும் வகுப்புவாரியாக எழுத்தில் கேளுங்க" என்றேன். கேட்டாராம். இன்னும் பதில் வரவில்லை.